மைக் "எர்த் அடிக்குது"ன்னா எர்த் இல்லைன்னு அர்த்தம்: எங்க பாக்கணும், எப்படிப் பாக்கணும்

பாடறவங்க மைக்கப் பிடிச்சு பல்லவி எடுக்கப் போறப்ப உதடு பட்டதும் சட்டுன்னு தலையப் பின்னாடி இழுத்துக்கறத ஸ்டேஜ் பக்கம் நிக்கறவங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. உடனே "அண்ணே, மைக்கு எர்த் அடிக்குது"ன்னு குரல் வரும். சவுண்ட் சர்வீஸ்ல இருக்கற நாங்களும் அப்படித்தான் சொல்றோம், ஆனா அந்த வார்த்தையே நம்மளத் தப்பான பக்கம் இழுத்துட்டுப் போகுது. எர்த் அடிக்காது. எர்த் வயர் எங்கயோ விட்டுப் போனதாலதான் அடிக்குது. பச்சை வயர் வழியா மண்ணுக்குப் போயிருக்க வேண்டிய கரன்ட் அந்த வயர் இல்லாததால உங்க உதடு, கை, கால்னு வழி தேடிக்குது, அவ்வளவுதான் விஷயம்.

அந்தச் சின்ன சுருக் பெரும்பாலும் ஆளக் கொல்லாது, அதனாலதான் "லேசாத்தான அடிக்குது, பாடுங்க பாடுங்க"ன்னு விட்டுடறாங்க. ஆனா இத யோசிங்க, நாளைக்கு அதே ஆம்ப்ளிஃபயர் உள்ள ஃபேஸ் வயர் உரசி பாடில பட்டுச்சுன்னா, எர்த் இருந்தா அந்த நிமிஷமே பிரேக்கர் விழும், எர்த் இல்லைன்னா எதுவும் விழாது, முழு 230 வோல்ட்டும் கிட்டார் கம்பியிலயும் மைக் வலையிலயும் ஒருத்தர் தொடற வரைக்கும் சும்மா காத்துட்டு நிக்கும். 1972 மே 3ஆம் தேதி வேல்ஸ்ல ஸ்வான்சீங்கற ஊர்ல ஸ்டோன் த க்ரோஸ் குழுவோட கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி, சரியா எர்த் இல்லாத மைக்கத் தொட்டு மேடையிலயே இறந்து போனார். அதனால லேசா அடிச்சாலும் என்ன ஏதுன்னு பாத்துட்டுதான் நிகழ்ச்சிய ஆரம்பிக்கணும்.

முதல்ல எந்த மாதிரி அடிக்குதுன்னு கேளுங்க

அடி வாங்கினவர்கிட்ட மூணே கேள்வி. எப்படி இருந்துச்சு, எதெதத் தொட்டுட்டு இருந்தீங்க, கால்ல செருப்பு இருந்துச்சா. இதுலயே பாதி வேலை முடிஞ்சிடும்.

"விர்ர்னு இருந்துச்சு, ஊசியில லேசாக் குத்தின மாதிரி"ன்னு சொன்னா பெரும்பாலும் லீக்கேஜ், அதாவது செட்டு உள்ள இருந்து பாடிக்குத் துளித்துளியா கசியற கரன்ட். "கை வெடுக்குன்னு உதறிடுச்சு, தோள்பட்டை வரைக்கும் இழுத்துச்சு"ன்னு சொன்னா அங்கயே நிறுத்துங்க. மெயின்ல ஆஃப் பண்ணுங்க, அந்த செட்ட தனியா எடுத்து வச்சுடுங்க, அதுக்கப்புறம் எலக்ட்ரீஷியனோ சர்வீஸ் பண்றவரோதான் பாக்கணும், ஆன்ல வச்சு நாம செக் பண்ற கட்டம் அது கிடையாது. இன்னொரு வேண்டுகோள், "எங்க, நான் தொட்டுப் பாக்கறேன்"னு யாரும் வரக்கூடாது. அவருக்கு செருப்பு இருந்துச்சு, உங்களுக்கு வெறுங்கால், தரையில தண்ணி தெளிச்சு கோலம் போட்டிருப்பாங்க, அவருக்கு விர்ர்னு இருந்தது உங்களுக்கு வேற மாதிரி இருக்கும்.

எதத் தொட்டாலும் விர்ர்னு இருக்கு: மிக்ஸர், மைக், கீபோர்டு ஸ்டாண்டு, லேப்டாப், எல்லாமே

அடிக்கடி வர்ற கம்ப்ளெயின்ட் இதுதான். இன்னைக்கு வர்ற பவர்டு ஸ்பீக்கர், டிஜிட்டல் மிக்ஸர், லேப்டாப் சார்ஜர்னு பெரும்பாலானதுல எஸ்எம்பிஎஸ்ங்கற ஸ்விட்சிங் பவர் சப்ளைதான் இருக்கு. அதத் திறந்தா கரன்ட் நுழையற இடத்துலயே ரெண்டு குட்டி கெப்பாசிட்டர், பெரும்பாலும் நீல கலர்ல சின்னப் பொட்டு மாதிரி வட்டமா உக்காந்திருக்கும். ஒண்ணு ஃபேஸ்ல இருந்து பாடிக்கு, இன்னொண்ணு நியூட்ரல்ல இருந்து பாடிக்கு. ஒய் கெப்பாசிட்டர்னு பேரு. சப்ளை போடற இரைச்சல பாடி வழியா எர்த்துக்கு அனுப்பத்தான் அத வச்சிருக்காங்க, அதுவே ஒரு ரிப்பேர்னு நினைச்சுடாதீங்க.

எர்த் வயர் இருந்தா அந்தக் கெப்பாசிட்டர் வழியா வர்ற துளிக் கரன்ட் நேரா எர்த்துக்குப் போயிடும், தொடறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எர்த் வயர் இல்லைன்னா ஃபேஸ் ஒரு பக்கம் இழுக்க நியூட்ரல் ஒரு பக்கம் இழுக்க பாடி நடுவுல தொங்கும், அதாவது 230ல பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட்ல மிதக்கும். கேக்கவே பயமா இருக்கும், ஆனா அந்த வோல்ட்டுக்குப் பின்னாடி பலம் கிடையாது. 2200 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டர் ரெண்டு இருந்தா அதுல வரக்கூடிய கரன்ட் சுமார் 0.16 மில்லி ஆம்ப்தான். மனுஷனுக்கு உணர ஆரம்பிக்கறது சாதாரணமா அரை மில்லி ஆம்ப் பக்கத்துலதான், கை விட முடியாம பிடிச்சுக்கறதுக்கு அதவிட ரொம்ப அதிகம், 10 மில்லி ஆம்ப் கிட்ட வேணும்.

அப்ப 0.16 எப்படி அடிக்குதுன்னு கேப்பீங்க. ரெண்டு காரணம். ஒண்ணு, உதடு. ஈரம், மெல்லிசான தோல், மைக் வலையில படறது ஒரு சின்னப் புள்ளி, அத்தனை கரன்ட்டும் அந்தப் புள்ளி வழியாவே போறதால கை விரலுக்குத் தெரியாதது உதட்டுக்குத் தெரியும். ரெண்டாவது, இது கூடிக்கிட்டே போகும். மிக்ஸர், ரெண்டு ஸ்பீக்கர், லேப்டாப், கீபோர்டுன்னு அஞ்சு ஐட்டம் ஆடியோ கேபிளோட ஷீல்டு வழியா ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்கும், எல்லாத்தோட பாடியும் மின்சார ரீதியா ஒரே பாடிதான். அஞ்சுக்கும் சேத்து எர்த் இல்லைன்னா அஞ்சு லீக்கேஜும் கூடி 0.8 மில்லி ஆம்ப். அதனாலதான் வீட்ல ரிகர்சல்ல வராதது மேடையில வருது, "வீட்ல நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு அவங்க சொல்றது நிஜம்தான்.

இங்க ஒரு சந்தேகம் அடிக்கடி வரும், கண்டென்சர் மைக்குக்கு போடற 48 வோல்ட் ஃபேண்டம் பவர்தான் அடிக்குதோன்னு. இல்லைங்க. அது உள்ள ரெண்டாம் பின்னுக்கும் மூணாம் பின்னுக்கும்தான் வருது, மைக் பாடி ஒண்ணாம் பின் பக்கம், அதுவும் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் தாண்டித்தான் வருது. ஃபேண்டம ஆஃப் பண்ணிட்டு "இப்ப சரியாயிடுச்சு"ன்னு போகாதீங்க.

எல்லா பிளக்கையும் கழட்டிட்டு பண்ற செக்

மொதல்ல இதத்தான் பண்ணணும், ஏன்னா இதுல கரன்ட்டே கிடையாது, யாருக்கும் ஆபத்து இல்ல. மல்டிமீட்டர ஓம்ஸ்ல வைங்க, குறைஞ்ச ரேஞ்சு, ரெண்டு முனையயும் ஒட்டிப் பாத்து அது காட்டற எண்ண (0.2, 0.3ன்னு காட்டும்) மனசுல வச்சுக்கோங்க.

மிக்ஸரோட பவர் கார்டு மிக்ஸர்ல மாட்டியே இருக்கட்டும், சுவத்துல இருந்து மட்டும் பிளக்க எடுத்துடுங்க. ஆடியோ கேபிள் எல்லாத்தையும் கழட்டிடுங்க, இல்லைன்னா வேற செட்டு வழியா சுத்தி வந்து நல்லதா காட்டிடும். இப்ப பிளக்கோட பெரிய பின், தடிமனா நீளமா மேல இருக்கறது, அதுல ஒரு முனை. இன்னொரு முனை மிக்ஸர் பாடியில. பெயின்ட் மேல வச்சா ஒண்ணும் காட்டாது, ஒரு ஸ்க்ரூ தலையிலயோ மைக் சாக்கெட்டோட உலோக விளிம்புலயோ வைங்க. ஒரு ஓமுக்குள்ள காட்டணும். காட்டலைன்னா கார்ட மாத்திப் பாருங்க.

கார்டு விஷயத்துல கொஞ்சம் நேரம் எடுத்துக்கோங்க, ஏன்னா நான் பாத்த வரைக்கும் குத்தம் பாதி நேரம் இங்கதான். பாக்க மூணு பின் பிளக்காத்தான் இருக்கும், அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கார்டு மாதிரி மூணு ஓட்டையும் இருக்கும், ஆனா நடுவுல போற வயர்ல ரெண்டே கோர். கையில எடுத்தாலே லேசா, ஒல்லியா இருக்கும். எர்த் பின் சும்மா பித்தளைத் துண்டா நிக்குது, பின்னாடி ஒண்ணுமே இல்ல. திறந்து மாட்டற பிளக்கா இருந்தா மூடிய கழட்டுங்க, பச்சை வயர் எர்த் ஸ்க்ரூல இருக்கான்னு கண்ணால பாருங்க. சில பிளக்குல வயர் இருக்கும், ஆனா ஸ்க்ரூ வயரோட ரப்பர் தோலத்தான் கடிச்சுட்டு இருக்கும், செம்பு வெளியவே வந்திருக்காது. இழுத்துப் பாத்தா உறுதியா இருக்கும், மீட்டர் மட்டும்தான் காட்டிக் கொடுக்கும்.

அதே மாதிரி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதோட பிளக் எர்த் பின்னுக்கும் பாக்ஸ்ல இருக்கற ஒவ்வொரு சாக்கெட்டோட மேல் ஓட்டைக்கும் தொடர்ச்சி இருக்கணும். நாலு சாக்கெட்ல மூணுல இருந்து நாலாவதுல இல்லாம இருக்கும், உள்ள ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு எடுத்த லூப் வயர் விட்டிருக்கும், அதனால ஒவ்வொண்ணா பாருங்க.

சின்ன மிக்ஸர்ல சிலதுக்கு வெளிய அடாப்டர்தான், ரெண்டு பின்தான், எர்த்தே கிடையாது. அது தப்பு இல்ல, ஆனா அந்த அடாப்டர் உள்ளயும் லீக்கேஜ் கெப்பாசிட்டர் இருக்கும். அந்த மிக்ஸருக்கு எர்த் கிடைக்கறது கேபிள் ஷீல்டு வழியா பவர்டு ஸ்பீக்கர்ல இருந்துதான். ஸ்பீக்கரோட எர்த் போச்சுன்னா மிக்ஸர், மைக் எல்லாம் சேந்து மிதக்கும், நீங்க மிக்ஸரயே மணிக்கணக்கா நோண்டிட்டு இருப்பீங்க, குத்தம் 30 அடி தள்ளி ஸ்பீக்கர் பின்னாடி இருக்கும்.

இப்ப சாக்கெட்

கார்டு நல்லா இருக்கு, பாக்ஸ் நல்லா இருக்குன்னா மிச்சம் சுவர். இங்கதான் உயிருள்ள கரன்ட், அதனால காஞ்ச கை, கால்ல ரப்பர் செருப்பாவது இருக்கணும், மழையில நனைஞ்ச மேடையில பண்ணக்கூடாது. மீட்டர ஏசி வோல்ட் 600 இல்ல 750ல வைங்க, சிவப்பு வயர் வோல்ட் ஓட்டையில இருக்கான்னு ரெண்டு தடவ பாருங்க. 10 ஆம்ப் ஓட்டையில மறந்து விட்டுட்டு சாக்கெட்ல வச்சா அது நேரா ஷார்ட்டு, முகத்துக்கு நேரா வெடிக்கும். சுவர் சாக்கெட்ல மீட்டர் முனைய உள்ள விட கஷ்டமா இருந்தா, இப்பத்தான் செக் பண்ண நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ மாட்டி அதுல பாருங்க.

மீட்டர் வைக்கறதுக்கு முன்னாடி டெஸ்டர ஒரு தடவ எர்த் ஓட்டையில வைங்க. எரியவே கூடாது. நல்லா எரிஞ்சா அந்த சாக்கெட்டப் பயன்படுத்தாதீங்க. எங்கயோ எர்த்துக்கே ஃபேஸ் வந்திருக்கலாம், அந்த நிலையில சில நேரம் மீட்டர் மூணு ஓட்டைக்கும் நடுவுல எல்லாம் சரியாவே காட்டும், டெஸ்டர் மட்டும்தான் சொல்லும்.

நம்ம சாக்கெட்ட நேராப் பாத்தா மேல எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், ஊருக்கு ஊர் முன்ன பின்ன இருக்கும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒண்ணு ரெண்டுல இருந்து நாலஞ்சு வோல்ட் வரைக்கும். இது நல்ல சாக்கெட்.

ஃபேஸ் எர்த் 80, நியூட்ரல் எர்த் 90ன்னு ரெண்டும் அரைகுறையா காட்டினா எர்த் வயர் எங்கயும் சேரலை, அந்தரத்துல தொங்குது. நம்ம விர்ர்னு அடிக்கறதுக்கு பெரும்பாலும் இந்த ரீடிங்தான் வரும்.

நியூட்ரல் எர்த் 0.0ன்னு சுத்தமா காட்டினா சந்தோஷப்படாதீங்க. அதே லைன்ல ஒரு அயர்ன் பாக்ஸ் மாதிரி 1000 வாட் லோடு போட்டுட்டு மறுபடி பாருங்க. லோடு போட்டா நியூட்ரல்ல கொஞ்சம் வோல்ட் ஏறணும், 0.0ல இருந்து அசையவே இல்லைன்னா சாக்கெட் உள்ளயே நியூட்ரலயும் எர்த்தையும் ஒரு துண்டு வயர் போட்டு இணைச்சிருக்காங்கன்னு சந்தேகப்படுங்க. எர்த் குழி தோண்டற செலவ மிச்சம் பிடிக்க சில பேர் பண்ற வேலை இது. அன்னைக்கு நல்லாத்தான் இருக்கும், மைக் அடிக்காது. ஆனா நியூட்ரல் எங்கயாவது கழண்டுச்சுன்னா அந்த சாக்கெட்ல மாட்டின எல்லா செட்டோட பாடிக்கும் 230 வந்துடும். அப்படி ஒரு சாக்கெட்ல நான் மேடைய ஓட்ட மாட்டேன், எவ்வளவு தூரம் கேபிள் இழுத்தாலும் பரவாயில்ல.

மீட்டர் சொல்லாத ஒண்ணும் இருக்கு. அதுக்குள்ள கரன்ட்டே போகாததால, கோடையில காஞ்சு போன எர்த் குழிகூட அதுக்கு நல்ல எர்த் மாதிரிதான் தெரியும், 228 காட்டும். எர்த் இருக்கா இல்லையான்னு சொல்லும், எவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்லாது. அதுக்கு எர்த் டெஸ்டர் வச்சிருக்கற எலக்ட்ரீஷியன்தான் வரணும். பழைய ஆளுங்க 100 வாட் பல்ப ஃபேஸுக்கும் எர்த்துக்கும் போட்டுப் பாப்பாங்க, பிரகாசமா எரிஞ்சா எர்த் நல்லதுன்னு. அத நீங்க பண்ணாதீங்க. எர்த் வயர் குழிக்குப் போற வழியில விட்டிருந்தா, அந்த பல்பு வழியா ஃபேஸ் அந்த எர்த் வயர்ல ஏறும், அதே எர்த்துல இருக்கற மத்த எல்லா செட்டு பாடிக்கும், கிரைண்டருக்கும், ஃபிரிட்ஜுக்கும் போயிடும். அந்த நேரத்துல சமையக்கட்டுல யாராவது கிரைண்டர்ல கை வச்சிருந்தா என்ன ஆகும்.

போர்டுல ஆர்சிசிபிங்கற பாதுகாப்பு சுவிட்ச் இருந்தா, 30 மில்லி ஆம்ப்னு அதுல போட்டிருக்கும், ரொம்ப நல்லது. ஒருத்தர் உடம்பு வழியா அந்த அளவு கரன்ட் கசிஞ்சா கண் இமைக்கறதுக்குள்ள கட் பண்ணும். ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும். நம்ம விர்ர் ஒரு மில்லி ஆம்ப் கூட இல்ல, அதுக்கு அது விழாது, "ஆர்சிசிபி விழல அதனால பிரச்சினை இல்ல"ன்னு சொல்ல முடியாது. அதுல இருக்கற டெஸ்ட் பட்டன் அந்த ஆர்சிசிபி வேலை செய்யுதான்னு மட்டும்தான் சொல்லும், எர்த்தே இல்லாத வீட்லயும் பட்டன அமுக்கினா விழும்.

கிட்டாரையும் மைக்கையும் சேத்துத் தொட்டா மட்டும் அடிக்குது

தனித்தனியா தொட்டா ஒண்ணுமில்ல, கிட்டார் கம்பியில கை இருக்கறப்ப மைக்ல உதடு பட்டா சுருக்குன்னுது. எலக்ட்ரிக் கிட்டார் கம்பி பிரிட்ஜ் வழியா கேபிளோட ஷீல்டுக்குப் போய் கிட்டார் ஆம்ப் பாடியில சேருது. மைக் வலை, கேபிள் ஷீல்டு வழியா மிக்ஸர் பாடியில சேருது. அதாவது அந்த ஆள் ஒரு கையில கிட்டார் ஆம்ப் பாடிய பிடிச்சுட்டு உதட்டால மிக்ஸர் பாடிய தொடறார். ரெண்டும் ஒரே எர்த்துல இருந்தா நடுவுல வோல்ட்டே இருக்காது. ஒண்ணு எர்த்துலயும் ஒண்ணு அந்தரத்துலயும் இருந்தா அவர்தான் நடுவுல வயர்.

ஒரு கல்யாண மண்டபத்துல எனக்கு நடந்தது இது. லைட் மியூசிக், சாயங்காலம் ரிசப்ஷன். கிட்டார் வாசிக்கற தம்பி கோரஸ் பாட மைக் கிட்ட போனான், பின்வாங்கினான், "அண்ணே உதட்டுல குத்துது"ன்னான். கிட்டார ஸ்டாண்டுல வச்சுட்டுப் பாடச் சொன்னேன், ஒண்ணுமில்ல. உடனே மைக்க மாத்தலாம்னுதான் எல்லாரும் சொன்னாங்க, மைக்க மாத்தினா எதுவும் மாறாது, அதுல குத்தமே இல்லையே.

யாரையும் தொட வேண்டாம்னுட்டு மீட்டர் ஒரு முனைய மைக் வலையிலயும் இன்னொன்ன கிட்டார் கம்பியிலயும் வச்சேன். 98 வோல்ட். மிக்ஸர் மேடைக்கு இடது பக்கம் மண்டபத்து சாக்கெட்ல இருந்தது, அதுல ஃபேஸ் நியூட்ரல் 228, ஃபேஸ் எர்த் 226, நியூட்ரல் எர்த் 1.8, அருமையா இருந்துச்சு. கிட்டார் ஆம்ப் வலது பக்கம் அலங்கார லைட்டுக்கு இழுத்திருந்த ஜங்ஷன் பாக்ஸ்ல இருந்தது. அதுல ஃபேஸ் நியூட்ரல் 227, ஃபேஸ் எர்த் 84, நியூட்ரல் எர்த் 91.

இங்க ஒண்ணு உறுதி பண்ணணும். அந்த 98 வெறும் லீக்கேஜா, இல்ல ஆம்ப் உள்ள நிஜமாவே ஃபேஸ் பாடியில உரசுதா. டெஸ்டர் ரெண்டுக்குமே எரியும், அதனால டெஸ்டர நம்பி முடிவு பண்ண முடியாது. வெறும் மீட்டரும் லேசான லீக்கேஜப் பெருசா காட்டும். அதுக்கு நான் ஒரு 47 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வச்சிருக்கேன், ரெண்டு பக்கமும் கிளிப் வச்ச வயர், மேல ஸ்லீவ் போட்டு மூடினது. மெயின் ஆஃப்ல இருக்கறப்பவே அத மீட்டர் ரெண்டு முனைக்கும் குறுக்க மாட்டி, ஒரு கிளிப்ப ஆம்ப் பாடியிலயும் ஒண்ண நல்லதுன்னு தெரிஞ்ச சாக்கெட்டோட எர்த்துலயும் கவ்வ விட்டு, கைய எடுத்துட்டு அப்புறம் ஆன் பண்ணேன். 98 இருந்தது 8 வோல்ட்டுக்கு இறங்கிடுச்சு. லீக்கேஜுக்குப் பலம் கிடையாதுன்னு மேல சொன்னேன்ல, சின்ன லோடு கொடுத்தாலே படுத்துடும். 47 கிலோ ஓம்ல 8 வோல்ட்னா 0.17 மில்லி ஆம்ப், ஒரு செட்டோட கெப்பாசிட்டர் கணக்குக்குச் சரியா வருது. அது 200க்கு மேலயே நின்னிருந்தா அந்த ஆம்ப் அன்னைக்கு மேடைக்கு வந்திருக்காது.

ஜங்ஷன் பாக்ஸ ஆஃப் பண்ணி, பிளக்கக் கழட்டிட்டுத் திறந்தோம். த்ரீ பின் சாக்கெட் மூணு, வந்த வயர் ரெண்டு கோர். எர்த் ஸ்க்ரூ மூணும் புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு, ஒரு வயரும் அதத் தொட்டதே இல்ல. லைட்டுக்கு மட்டும்னு போட்டது, அதுல ஆம்ப் மாட்டினது எங்க ஆளு. மிக்ஸர் இருந்த அதே சாக்கெட்ல இருந்து மூணு கோர் கேபிள மேடைக்கு அடியில இழுத்து கிட்டார் ஆம்ப அதுல கொடுத்தோம். மறுபடி மைக்குக்கும் கம்பிக்கும் 0.3 வோல்ட். தம்பி பாடினான், ஒண்ணும் தெரியலைன்னான்.

அப்போ இருந்து மேடையில ஆடியோ எல்லாம் ஒரே இடத்துல இருந்துதான் எடுக்கறோம், லைட்டுக்கு எங்க இருந்து வேணா எடுத்துக்கட்டும். இப்படி வயர் இழுக்க நேரமே இல்லைன்னா, லீக்கேஜ்தான்னு உறுதியா தெரிஞ்சா மட்டும், கார்டுலெஸ் மைக் கொடுத்து அந்த நிகழ்ச்சிய ஓட்டலாம், அதுல கேபிளே இல்லாததால உதடு மிக்ஸரோட சேராது. மைக் மேல பஞ்சு மூடி போடறதும் உதட்டக் காப்பாத்தும், ஆனா பஞ்சு எச்சில்ல நனைஞ்சிடும், கை இன்னும் மைக் பாடியிலதான் இருக்கு, அதனால அத நான் ஒரு தீர்வா சொல்ல மாட்டேன்.

ஜெனரேட்டர் போட்டா மட்டும் அடிக்குது

ஈபி இருக்கறவரை நல்லா இருந்துச்சு, கரன்ட் போய் ஜெனரேட்டர் ஓடினதும் அடிக்குது. டெஸ்டர வச்சா ஃபேஸ், நியூட்ரல் ரெண்டு ஓட்டையிலயும் எரியுதான்னு பாருங்க. எரிஞ்சா அந்த ஜெனரேட்டரோட நியூட்ரல் எங்கயும் எர்த்தோட சேரலை, சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்ல இது சகஜம். அந்த நிலையில ஆர்சிசிபி இருந்தும் நம்பியிருக்க முடியாது, ஏன்னா கசியற கரன்ட் திரும்பிப் போக வழி இல்ல. பெரிய ஜெனரேட்டரா இருந்தா நியூட்ரலுக்கும் பாடிக்கும் எர்த் கொடுத்திருக்கான்னு ஆபரேட்டர்கிட்ட கேளுங்க, கொடுத்திருக்கற இடத்தக் காட்டச் சொல்லிப் பாருங்க.

"ஒரு கம்பிய ஈர மண்ணுல அடிச்சு கட்டிட்டேன், எர்த் ஆச்சு"ன்னு சொல்வாங்க. அது விர்ர நிறுத்தும், நிஜமான ஷார்ட்ட நிறுத்தாது. அவசரத்துக்கு அடிச்ச கம்பிக்கு 20 ஓம் இருக்குன்னு வைங்க, 230 வோல்ட்டுக்கு அதுல 11.5 ஆம்ப்தான் போகும், 16 ஆம்ப் எம்சிபி பிரேக்கர் அத சாதாரண லோடுன்னு நினைச்சுட்டு விழாம நிக்கும், பாடியில வோல்ட்டும் நிக்கும். மண்ணுக்குள்ள போற எர்த்த மட்டும் நம்பற இடத்துல கூட 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இருந்தே ஆகணும், அதுக்கு நியூட்ரலும் எர்த் ஆகியிருக்கணும்.

எர்த் பின்ன வெட்டினவங்க

கடைசியா இது, ஏன்னா நம்ம கையாலயே உண்டாக்கறது இதுதான். ஸ்பீக்கர்ல "உம்ம்"னு ஹம் வருது, எர்த் பின்ன கழட்டினதும் நின்னுடுது, "ஹம்முக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு"ன்னு டேப் சுத்தி வச்சுடறாங்க. ரெண்டு செட்டுக்கு ரெண்டு எர்த் வழி இருந்து, அது நடுவுல ஆடியோ ஷீல்டு வழியா கரன்ட் சுத்தறதாலதான் ஹம் வருது. அந்த வட்டத்த எங்கயாவது வெட்டணும்ங்கறது சரி, ஆனா வெட்ட வேண்டிய இடம் ஆடியோ பக்கம். கிட்டார், கீபோர்ட மிக்ஸரோட சேக்கற டிஐ பாக்ஸ்ல இருக்கற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச தட்டுங்க, இல்லைன்னா ஆடியோ லைன் நடுவுல ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க. ஆடியோ ஷீல்டு விட்டுப் போனாலும் ரெண்டு செட்டுக்கும் அதது பவர் கார்டுல எர்த் இருக்கும், ஆபத்து இல்ல.

நான் வேற சர்வீஸ்ல இருந்து ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்தா முதல்ல கார்டோட எர்த் பின்னத்தான் பாக்கறேன். டேப் சுத்தியிருந்தாலோ பின்ன வெட்டியிருந்தாலோ அந்தக் கார்ட ஓரமா போட்டுட்டு என் கார்ட மாட்டிக்கறேன், திருப்பிக் கொடுக்கறப்ப எதுக்காகப் போட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் வர்றேன்.